டீக்கடைக்கு ஒரு வரி: வாடிக்கைக்காரர் வாயில் நிற்கும் டேக்லைன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்குப் பேர் இருக்கு, போர்டும் இருக்கு. அதுக்கு மேல டேக்லைன் எதுக்கு?

போர்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாரும் டீக்கடையைக் கூப்பிடுவதில்லை. வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் கடைகள் "பாய் கடை", "நாயர் கடை", "முனைக்கடை", "ஸ்கூலாண்ட இருக்கற கடை" என்றுதான் புழங்குகின்றன. போர்டில் சாமி பெயரோ மகள் பெயரோ அழகாக எழுதியிருக்கும். அதே பெயரில் அடுத்த தெருவிலும் ஒரு கடை இருக்கும்.

கடைப் பெயரோடு சேர்த்துப் போடும் சின்ன வாசகம்தான் டேக்லைன். அதற்கு ஒரே வேலைதான். ஒருவர் போனில் "எங்கடா கீற?" என்று கேட்கும்போது, மற்றவர் பதிலாகச் சொல்ல ஒரு சொல் வேண்டும். வரியிலிருந்து ஒரு சொல் கழன்று "கடை" என்ற சொல்லுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டால் அந்த வரி வேலை செய்கிறது என்று பொருள். அப்படி ஒட்டக்கூடிய சொல் ஒன்றாவது இருக்கிறதா என்று எழுதும்போதே பார்த்துவிடுங்கள். "தரம் கடை", "சுவை கடை" என்று எவரும் சொல்லப் போவதில்லை.

நாலஞ்சு வரி எழுதிப் பார்த்தோம். எல்லாமே எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, வரியில் கடையின் அடையாளமே இருக்காது. "தரமான சுவை, தாராள மனசு" என்ற வரியை எதிர்க்கடைக்காரர் போர்டில் மாட்டிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பக்கத்து ஸ்வீட் ஸ்டாலுக்கும் பொருந்தும். கொஞ்சம் தட்டிக்கொட்டினால் நகைக்கடைக்கே பொருந்தும். மாட்டின இடத்திலெல்லாம் பொருந்தும் வரி எந்த இடத்தையும் ஞாபகப்படுத்தாது.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது: அந்த வரியைப் பேசுவது யார்? "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்", "எங்கள் தேநீர் தனிச்சுவை" என்பதெல்லாம் கடைக்காரர் தன்னைப் பற்றித் தானே பேசுவது. வாடிக்கைக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் கடைக்காரராக மாறித்தான் சொல்ல வேண்டும். அவர் ஏன் மாறப் போகிறார்? ஒரு நண்பர் இன்னொரு நண்பரைப் பார்த்து இயல்பாகச் சொல்லக்கூடிய சொற்களால் கட்டிய வரிதான் கடையை விட்டு வெளியே நடந்து போகும். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கூடவே ஒரு சின்ன விஷயம். "தேநீர்" என்ற சொல்லை வடசென்னைக் கவுன்ட்டரில் நின்று எவரும் சொல்லி வாங்குவதில்லை. போர்டில் அது கௌரவமாகத் தெரியும், வாயில் வராது. டீ என்றே எழுதுங்கள்.

அப்போ வரிக்கான சரக்கை எங்கேருந்து எடுக்கறது?

கவுன்ட்டரிலிருந்து. கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் போதும். மூன்று நாள், காலை 6 முதல் 8 வரை, மாலை 5 முதல் 7 வரை, வருகிறவர் வாயில் வரும் முதல் சொல்லை அப்படியே எழுதுங்கள். திருத்தாமல் எழுத வேண்டும். "அண்ணே ஸ்ட்ராங்கா ஒண்ணு", "சக்கர கம்மி", "ரெண்டு டீய மூணா ஊத்து", "மச்சான் நீ டீ சொல்லு, நான் வண்டிய ஓரங்கட்டிட்டு வரேன்" என்று எது வந்தாலும் சரி. மூன்று நாள் முடிந்து தாள்களைப் பரப்பினால் இரண்டு மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவை ஏற்கெனவே மக்கள் வாயில் இருப்பவை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பதைவிட வாயில் இருப்பதைக் கொஞ்சம் திருப்பிப் போடுவது எளிது.

அடுத்தது, உங்கள் கடைக்கு ஏன் வருகிறார்கள் என்ற காரணம். இதை நேரடியாகக் கேட்காதீர்கள். "டீ நல்லா இருக்கும்ணே" என்று மரியாதைக்கு ஒரு பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. கடை லீவு விட்ட மறுநாள் கேளுங்கள்: "நேத்து எங்க குடிச்சீங்க? எப்படி இருந்துச்சு?" அப்போதுதான் உண்மை வெளியே வரும். "அங்க சக்கர தூக்கல்." "டிகாஷன் பழசு, வாய் கசந்துபோச்சு." "குடிச்சு முடிக்கறதுக்குள்ள கிளாஸ புடுங்கறான்." மற்ற கடையில் எது குறை என்று சொல்கிறார்களோ அதுதான் உங்கள் கடையில் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது. ஒரே குறையை ஐந்தாறு பேர் தனித்தனியாகச் சொன்னால் வரி அதைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஒரு கடையை வெச்சு முதல்லேருந்து முழுசா காட்ட முடியுமா?

தண்டையார்பேட்டையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாய்லர், ஒரு மாஸ்டர், வடைக்கு ஒரு அடுப்பு, வெளியே ஆறு பேர் உட்காரும் பெஞ்சு. காலையில் ஆட்டோக்காரர்களும் லோடு வண்டிக்காரர்களும் வருகிறார்கள், மாலையில் கேரம் கிளப்புப் பையன்களும் ரிட்டயர் ஆன துறைமுகத் தொழிலாளர்களும். காலண்டர் தாளில் அதிகம் விழுந்தவை "டீ சொல்லு" என்பதும் "இன்னா சேதி" என்பதும். லீவுக்கு மறுநாள் கிடைத்த பதில்: "அங்க நின்னு ரெண்டு வார்த்த பேச முடியல." ஆக இந்தக் கடையில் டீ ஒரு சாக்கு. பெஞ்சும் பேச்சும்தான் ஆளைக் கொண்டுவருகின்றன.

முதலில் "குந்து, குடி, கெளம்பு" என்ற வரியைப் பார்ப்போம். காதுக்கு மிக நன்றாக இருக்கிறது: மூன்று சொல், மூன்றும் ககர வரிசை, வடசென்னை வாடை வேறு. ஆனால் பேச வருகிறவரைக் "கெளம்பு" என்று துரத்துகிறது, கடையின் பலத்தையே வெட்டுகிறது. "குடி" என்ற சொல் தனியாக நின்றால் இந்த ஊரில் டீ ஞாபகம் வராது, டாஸ்மாக்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அம்மாவுக்கு அந்த போர்டு பிடிக்காது. காது சரி, அர்த்தம் தப்பு. தள்ளிவிட வேண்டியதுதான்.

அடுத்து, "நாலு பேர் கூடற இடம்." உண்மையான வரி. ஆனால் தமிழில் "நாலு பேர்" என்றதும் பாதிப் பேருக்குத் தூக்கிப் போகிற நாலு பேர் ஞாபகம் வரும். கிண்டல் பண்ண ஒருவர் போதும், கடை சுடுகாட்டுக் கடை ஆகிவிடும். அதோடு இது கடையைப் பற்றிய வர்ணனை. நண்பனைப் பார்த்து யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவதாக, காலண்டர் தாளில் கிடைத்த இரண்டையும் சேர்த்தால் "ஒரு டீ சொல்லு, ஒரு சேதி சொல்லு" என்று வருகிறது. டீயைச் "சொல்வது" என்றால் ஆர்டர் கொடுப்பது, சேதியைச் "சொல்வது" என்றால் பேசுவது. ஒரே வினைச்சொல் இரண்டு வேலை செய்கிறது. கடையின் பலமான பேச்சும் உள்ளே வந்துவிட்டது. இதை வாயில் போட்டுச் சோதித்தால், கேட்டவர்கள் திரும்பச் சொல்லும்போது இரண்டு "ஒரு"வையும் விட்டுவிடுவார்கள். அவர்கள் விட்டதை நீங்களும் விட்டுவிடுங்கள். மிஞ்சுவது:

டீ சொல்லு, சேதி சொல்லு.

இதிலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். "சேதி வந்துச்சு" என்று மொட்டையாகச் சொன்னால் துக்கச் செய்தி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. "சேதி சொல்லு" என்று வரும்போது அந்த நிழல் விழுவதில்லை, "இன்னா சேதி" என்ற அன்றாட விசாரிப்பின் பக்கமே நிற்கிறது. பெஞ்சில் உட்காரும் வயதானவர்கள் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்து, முகம் சுளிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக, ஒட்டும் சொல்: "சேதி கடை". "எங்க கீற?" "சேதி கடைல." சரியாக உட்காருகிறது.

"சொல்லு"ன்னு ஒருமையில போட்டா பெரியவங்க கோச்சுக்க மாட்டாங்களா?

கடைக்காரர் வாடிக்கைக்காரரைப் பார்த்துச் சொல்வதாகப் படித்தால் கோபம் வரத்தான் செய்யும். இங்கே பேசுவது வாடிக்கைக்காரர், கேட்பது அவர் நண்பர். அதனால் ஒருமை இயல்பாகிறது. "சொல்லுங்கள்" என்று மாற்றினால் மரியாதை வரும், ஆனால் வரி உடனே கடைக்காரர் வாய்க்குத் திரும்பிப் போய்விடும், தாளமும் உடைந்துபோகும். போர்டில் "சொல்லு" இருக்கட்டும். மாஸ்டர் பெரியவரிடம் நேரில் சொல்லும்போது மட்டும் "சேதி சொல்லுங்க பெரியவரே" என்று மாற்றிக்கொள்ளட்டும்.

"குந்து", "வா", "புடி" மாதிரிச் சொற்களில் தொடங்கும் எல்லா வரிக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது வரியிலேயே தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஏவல் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

எதுகை, மோனை கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் ஞாபகத்துக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பதில் சீருக்குச் சீர் ககரம் வருகிறது, அது மோனை. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதில் ஆடி, தேடி என இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது, அது எதுகை. எதுகையில் முதல் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும், நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். "ஆடி"க்குத் "தேடி" பொருந்துவதும் "நொடி" பொருந்தாததும் அதனால்தான். காது இலக்கணம் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்துவிடும்.

மோனையில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. சகரமும் தகரமும் மோனை, மகரமும் வகரமும் மோனை, ஞகரமும் நகரமும் மோனை. "மசால் வடை" என்ற பேரே ஏன் வாயில் இனிக்கிறது என்று யோசித்தால் தெரியும்.

டேக்லைனுக்கு மூன்று நான்கு சொல் போதும், ஒரே மூச்சில் முடிய வேண்டும். நம் வரியின் இரண்டு பாதியும் டீ, சேதி என்று தொடங்குவதால் அவற்றுக்குள் மோனை கிடையாது. "சொல்லு, சொல்லு" என்று முடிவில் வரும் இயைபு மட்டும்தான் தாங்குகிறது. அதுவே போதுமானதாக இருக்கிறது. ஓசைக்காகச் சொல்லைத் தேடிப் போய் "சுடச்சுட சுவை சொக்க வைக்கும்" மாதிரி எழுதிவிடாதீர்கள். பாய்லர் சீறும் சத்தத்திலும் ஷேர் ஆட்டோ ஹாரனிலும் அது வெறும் "ச்ச்ச்" என்றுதான் காதில் விழும்.

மெட்ராஸ் பாஷையில வெச்சா நம்ம ஏரியாவுக்குப் பொருத்தமா இருக்குமே?

உங்கள் கடையில் அந்தச் சொல் நிஜமாகவே புழங்கினால் வையுங்கள். "இன்னா", "குந்து" எல்லாம் இந்த ஊர்ச் சொற்கள். ஆனால் ஒரே வரியில் "இன்னா", "கீது", "நைனா" மூன்றையும் அடுக்கினால் அது ஊர்ப் பேச்சாக இருக்காது, ஊர்ப் பேச்சைப் போல நடிப்பதாக இருக்கும். வெளியாட்கள் வடசென்னைக்காரனைக் காமெடியாகக் காட்டுவது மாதிரி ஆகிவிடும், ஏரியாக்காரர்களுக்கு அது உறுத்தும். ஒரு வரிக்கு ஒரு சொல், அதற்கு மேல் வேண்டாம். எழுத்தும் ஒரே பார்வையில் படிக்கும்படி இருக்க வேண்டும். "வந்துரும்" என்பது சரி. "வண்ட்டும்" என்று எழுதினால் படிக்கிறவர் நின்று யோசிப்பார்.

நேரம், விலை, வேகம் இதுல ஏதாவது ஒண்ணை வரியில சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அது வாக்குறுதி. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போகும் வழியில் விடியுமுன் திறக்கும் கடைக்கு "நாலு மணிக்கு நாங்க ரெடி" என்பது அருமையான வரி. நா, நா என்று மோனை இருக்கிறது, ஏலத்துக்கும் லோடுக்கும் போகிறவருக்குத் தேவையான தகவலும் இருக்கிறது. அங்கே விடிகாலையா மாலையா என்ற சந்தேகமும் வராது. அதே வரியைப் பெரம்பூரில் ஆபீஸ் போகிறவர்கள் நடமாடும் தெருவில் மாட்டினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கடையே திறக்கும் என்று நினைப்பார்கள்.

நாலு மணிக்கு முதல் கிளாஸ் கைமாற வேண்டுமென்றால் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பாய்லரைப் பற்றவைக்க வேண்டும். பாலும் முந்தின இரவே கையில் இருக்க வேண்டும். மாஸ்டர் லீவு போட்டால் யார் திறப்பது என்பதற்கும் பதில் வேண்டும். இவை மூன்றும் உறுதி இல்லை என்றால் அந்த வரியைத் தொடாதீர்கள்.

வாக்குறுதி வரிகளுக்கு ஒரு கிண்டல் சோதனை வையுங்கள். கடையிலேயே நன்றாகக் கலாய்க்கும் பையன் ஒருவன் இருப்பான், அவனிடம் வரியைக் கொடுங்கள். மூலக்கடை பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கடைக்கு "பஸ்ஸு வருமுன் டீ வரும்" என்று யோசித்தால், அவன் சொல்லப் போவது "பஸ்ஸும் போச்சு, டீயும் வரல". கூட்டம் நெரியும் காலை எட்டரை மணிக்கு அது உண்மையாகிவிடும் என்றால் வரியைக் கைவிடுங்கள். எட்டரைக்கும் கையில் தயாராக டீ இருக்கும் என்றால் அந்தக் கிண்டல் விளம்பரம்தான், கவலையில்லை. "டீ சொல்லு, சேதி சொல்லு"வை அவன் "டீ சொல்லு, கடன் சொல்லு" என்று மாற்றுவான். அதில் கடைக்குக் கெட்ட பேர் இல்லை, சிரிப்புத்தான் இருக்கிறது. (கடன் நோட்டு தனிப் பிரச்சினை.)

விலையை மட்டும் வரியில் எழுதவே வேண்டாம். பால் விலை ஏறின அன்று போர்டை மாற்ற வேண்டிவரும், பழைய வரியைச் சொல்லியே பழைய விலைக்குக் கேட்பார்கள்.

எது நிக்கும், எது நிக்காதுன்னு போர்டு அடிக்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

எழுதிக் காட்டாதீர்கள். படித்துப் பார்த்தால் எல்லா வரியும் நன்றாகத்தான் இருக்கும். வாயால் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். டீயைக் கையில் கொடுக்கும்போது "புதுசா ஒண்ணு யோசிச்சிருக்கோம், 'டீ சொல்லு, சேதி சொல்லு'ன்னு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அபிப்பிராயம் கேட்கக் கூடாது. கேட்டால் "சூப்பர்ணே" என்பார்கள்.

மறுநாள் அதே ஆள் வரும்போது "நேத்து ஒரு வரி சொன்னேனே, இன்னா அது?" என்று கேளுங்கள். இருபது பேரிடம் இப்படிச் செய்தால் போதும். பாதிக்கு மேற்பட்டவர்கள் சொல்மாறாமல் சொன்னால் வரி நின்றுவிட்டது. ஐந்தாறு பேர்தான் சொன்னார்கள் என்றால் விட்டுவிடுங்கள். அர்த்தம் ஞாபகம் இருந்து சொற்கள் மாறி வந்தால் அதுதான் சுவாரசியமான இடம். பல பேர் ஒரே மாதிரி மாற்றினார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் அவர்கள் மாற்றியதுதான் சரியான வரி. "ஒரு" விழுந்தது அப்படித்தான்.

இரண்டு வரிகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றைக் காலை ஆட்களிடமும் மற்றதை மாலை ஆட்களிடமும் சோதிக்காதீர்கள். காலை ஆள் அவசரத்தில் இருப்பார், எதுவும் காதில் ஏறாது. தோற்றது வரியா, நேரமா என்று தெரியாமல் போகும். இரண்டையும் மாலையிலேயே, வேறு வேறு ஆட்களிடம், வேறு வேறு வாரத்தில் சோதியுங்கள்.

எங்கெங்க எழுதணும்? கப்புல அடிச்சா நல்லா இருக்குமா?

பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் டீ கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கில் அச்சடித்து வாங்கி வைத்து, சோதனைக்கு வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனால் வரியும் போச்சு, காசும் போச்சு. கண்ணாடிக் கிளாஸில் ஸ்டிக்கர் ஒட்டினால் வெந்நீரில் கழுவிக் கழுவி உரிந்து வரும். கிளாஸை விட்டுவிடுங்கள்.

கண் கட்டாயம் போகும் இடம் இப்போது பணம் கட்டும் கியூஆர் அட்டைதான். போனைத் தூக்கிப் பிடித்துச் சில நொடி எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அட்டைக்குக் கீழே ஒரு வரி ஒட்டுங்கள். கட்டத்தைச் சுற்றி இருக்கும் வெள்ளை விளிம்பை மட்டும் மறைக்காதீர்கள், மறைத்தால் ஸ்கேன் ஆகாமல் அடம்பிடிக்கும்.

போர்டுக்கு எழுத்தின் உயரம் முக்கியம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது போர்டு எழுதுகிறவர்களின் கணக்கு. எதிர்ச்சாரியிலிருந்து 30 அடி என்றால் 3 அங்குல எழுத்து வேண்டும். தமிழில் அந்த 3 அங்குலத்தை எழுத்தின் உடம்புக்கு எடுக்க வேண்டும், "டீ", "தி" மேல் இருக்கும் சுழியைச் சேர்க்காமல். அகலத்தையும் கொம்பு, காலோடு சேர்த்து எண்ணுங்கள். "சொ" ஒரு எழுத்துத்தான், ஆனால் போர்டில் மூன்று எழுத்து இடத்தை அடைக்கும். அப்படி எண்ணினால் நம் வரி 14 இடம். இடைவெளியோடு சுமார் நாலரை அடி வரும், எட்டடி போர்டில் தாராளமாக உட்காரும். பத்துச் சொல்லில் வரி எழுதியவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். போர்டு பத்தாமல் எழுத்தைச் சின்னதாக்குவார், யாராலும் படிக்க முடியாது. வேறு மொழி சேர்ப்பதானால் தமிழ் மேலே, பெரிதாக. விதியும் அதுதான்.

கடலோரத்தில் தகரப் போர்டு உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பாய்லருக்கு நேர் மேலே ஆவியில் பெயின்ட் உப்பி உரியும். ஃபிளெக்ஸில் சிவப்பு எழுத்து வெயிலில் முதலில் வெளுக்கும். வெளுத்த வரி, கடையை மூடப் போகிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் கொடுக்கும்.

பெஞ்சு உள்ள கடைக்கு ஒரு யோசனை. முன் போர்டில் "டீ சொல்லு" மட்டும் இருக்கட்டும். "சேதி சொல்லு"வை உள்ளே, பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே தெரியும் சுவரில் எழுதுங்கள். பாதியைப் படித்தவர் மீதியைத் தானே முடித்துப் பார்ப்பார். தானே முடித்தது மறக்காது.

மாஸ்டர் வாயால சொல்லணுமா? அவர் கூச்சப்படறார்.

சொல்ல வேண்டும், ஆனால் ஒவ்வொரு கிளாஸுக்கும் சொன்னால் ரெக்கார்டு ஓடுவது போல ஆகிவிடும். ஒரே ஒரு தருணத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்: தெரிந்த முகம் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸ் கைக்குப் போகும்போது, "ம்ம், சேதி சொல்லு". பாதி வரிதான், கூச்சம் வராது. காலை நெரிசலில் சொல்லவே வேண்டாம். எட்டரைக்கு ஒருவர் நிஜமாகவே சேதி சொல்ல ஆரம்பித்தால் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பெஞ்சே இல்லாத, நின்று குடித்துவிட்டுப் போகும் கடைக்கு இந்த வரி பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

பிரபலமான சினிமா வசனத்தைக் கொஞ்சம் மாத்திப் போடலாமா?

வேண்டாம். மக்கள் சொல்லும்போது படம்தான் ஞாபகம் வரும், கடை வராது. படத்தின் மவுசு போனதும் போர்டும் பழசாகிவிடும். அதோடு அது அடுத்தவர் சொத்து.

"சளிக்கு நல்லது", "நம்பர் ஒன்", "சுத்தமான பால்" இதெல்லாம்?

சுக்கு டீயோ இஞ்சி டீயோ நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு எழுதுவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறு. "சுத்தமான", "ஒரிஜினல்" போன்ற சொற்களுக்கும் 2018 ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் கட்டுப்பாடு உண்டு. "நம்பர் ஒன்" என்றால் எதை வைத்து என்று யாராவது கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், இந்த மூன்றையும் எதிர்க்கடையிலும் மாட்டலாம் என்பதே தள்ளுவதற்குப் போதுமான காரணம்.

கூகுள் மேப்ல கடைப் பேரோட சேர்த்து வரியையும் போடலாமா?

பெயர்க் கட்டத்தில் போடாதீர்கள். கடையின் நிஜப் பெயர் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. டேக்லைன் சேர்த்தால் அவர்களே அதைத் திருத்திவிடலாம், கடைப் பக்கத்தை முடக்கவும் செய்யலாம். விவரக் குறிப்புப் பகுதியில் முதல் வரியாக எழுதுங்கள்.

ரெண்டு மாசம் ஆச்சு, யாரும் சொல்லக் காணோம். மாத்திடலாமா?

முதலில், யாரும் சொல்லவில்லையா, உங்கள் முன்னால் சொல்லவில்லையா என்று பாருங்கள். வரி பெரும்பாலும் கடைக்கு வெளியேதான் புழங்கும். மூன்று இடத்தில் தெரியும். போனில் கடையை என்ன சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள் என்று பெஞ்சுப் பக்கம் காது கொடுங்கள். புதிதாக வருகிறவரிடம் "யார் சொன்னாங்க?" என்று கேட்டு, என்ன பெயர் சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் கேளுங்கள். பையன்கள் வரியைத் திரித்துக் கலாய்க்கிறார்களா என்றும் பாருங்கள். திரிப்பதற்கு முன் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டுமே.

மூன்றிலும் ஒன்றும் இல்லை என்றால், மாஸ்டர் நிஜமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் வாரத்தோடு நிறுத்தியிருப்பார். திரும்பத் தொடங்கி இன்னொரு மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் புதுக் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு கவுன்ட்டரிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பழைய வரிக்கு ஒட்டுப் போட்டுத் திருத்த வேண்டாம். "சேதி" என்பதை "நியூஸ்" என்று மாற்றினால் பழசு ஞாபகம் வைத்திருந்த நாலு பேரும் குழம்பிப்போவார்கள்.